குடும்பப் புலனத்தில் வந்த நீளமான செய்திக்குச் சண்டை வராமல் பதில் சொல்வது எப்படி

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 10.45 இருக்கும். எங்கள் குடும்பப் புலனக் குழுவில் பெரிய அண்ணன் ஒரு செய்தி போட்டார். அவரும் அண்ணியும் பிறையில் அம்மாவோடு இருக்கிறார்கள். அக்கா கிள்ளானில், நான் செந்தூலில், தம்பி சிங்கப்பூரில். செய்தியைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

"எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட வருஷத் திதி அடுத்த மாசம் 12, புதன்கிழமைன்னு குருக்கள் குறிச்சுக் கொடுத்திருக்காரு. போன வருஷம் காரியத்தப்ப நானும் உங்க அண்ணியும்தான் அலைஞ்சோம், அதைப் பத்தி நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. அப்பா கார் இன்னும் வாசல்லதான் நிக்குது, ரோட் டெக்ஸ் முடிஞ்சு நாலு மாசமாச்சு, யாரும் கேக்கல. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியல. சாப்பாடு 80 பேருக்குச் சொல்லலாம்னு இருக்கேன். அம்மா எல்லாத்தையும் வீட்லயே செய்யணும்ங்கிறாங்க. மண்டபம்னா வெள்ளிக்கிழமைக்குள்ள 500 வெள்ளி முன்பணம் கட்டணும். பிள்ளைங்களுக்கு லீவு பாத்துக்குங்க. எல்லாரும் படிச்சுட்டுப் பதில் போடுங்க."

இதற்குப் பதில் போட எனக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆனது. அதில் எழுதிய நேரம் பத்து நிமிடம்தான். அதற்குப் பிறகு அக்கா மகள், வேலையிடத்துத் தோழிகள் என்று நாலைந்து பேர் இதே மாதிரி செய்திகளைக் காட்டி "என்ன போடறது?" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் இடறுவது ஒரே இடத்தில்தான். முதலில் எழுதிவிட்டு, பிரச்சினை வந்த பிறகு போன் போடுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

தொடங்குவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை: ஒரு தாள், உங்கள் விடுப்பு நிலவரம், உங்களால் எவ்வளவு பணம் கொடுக்க முடியும் என்பது, இரண்டு மூன்று பேரோடு ஆளுக்குக் கால் மணி நேரம் பேச நேரம். விடுப்பும் பணமும் தெரியாமல் பதில் எழுத உட்கார்ந்தால் "பாக்கலாம்" என்றுதான் எழுத வரும். முடிவு கேட்டவருக்கு அந்தச் சொல் எந்த உதவியும் செய்யாது.

1. படித்தேன் என்று மட்டும் உடனே சொல்லுங்கள்

நீளமான செய்தி திரையில் பாதியில் நின்று, கீழே Read more என்று வரும். அதைத் தட்டாமலேயே பதில் போடுகிறவர்கள் நிறையப் பேர். நம் வீடுகளில் கேள்வி எப்போதும் கடைசியில்தான் வரும். அண்ணன் செய்தியில் 500 வெள்ளி மண்டபமும் வெள்ளிக்கிழமையும் கடைசி நான்கு வரிக்குள் இருந்தன. மேல்பகுதியை மட்டும் படித்தவருக்கு அது புகார் செய்தியாகத்தான் தெரியும், பதிலும் புகாருக்குத்தான் போகும்.

முழுவதும் படித்ததும் ஒரே ஒரு வரி போடுங்கள். நான் போட்டது: "அண்ணே, முழுசா படிச்சேன். லீவு பாத்துட்டு நாளைக்கு ராத்திரி 9 மணிக்குள்ள பதில் சொல்றேன்."

இதற்குக் காரணம் இருக்கிறது. குழுவில் நீலக் குறி எல்லாரும் படித்த பிறகுதான் விழும். ஆனால் செய்தி போட்டவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து Info போய்ப் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று தெரிந்துவிடும். படித்துவிட்டு நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம் என்றுதான் தெரியும். நேரத்தைச் சொல்லிவிட்டால் அந்த எண்ணம் வராது. சொன்ன நேரத்தைக் காப்பாற்றுவது மட்டும் முக்கியம்.

2. செய்தியைத் தாளில் நான்காகப் பிரியுங்கள்

கேள்வி, தகவல், மனத்தாங்கல், வேறு விஷயம் என்று நான்கு தலைப்பு எழுதி, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒன்றின் கீழ் போடுங்கள். மனசுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சுருக்கென்று தைத்த வரிதான் அப்போது மனசில் பெரிதாக நிற்கும்.

கேள்வியைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அதற்குக் கெடு இருக்கும், அல்லது வெளியாள் ஒருவர் பதிலுக்குக் காத்திருப்பார். அண்ணன் செய்தியில் கேள்விக்குறியே இல்லை. ஆனால் மண்டபத்துக்காரர் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறார். அப்படியென்றால் உண்மையான கேள்வி ஒன்றே ஒன்று: வீடா, மண்டபமா?

12ஆம் தேதி புதன் என்பது தகவல். மாதமும் பட்சமும் திதியும் பார்த்துக் குருக்கள் குறித்த நாள் அது, நம் வசதிக்கு நகராது. "சனிக்கிழமை வைக்கலாமே" என்று ஒருவர் எழுதினால் பேச்சு அங்கேயே திசை மாறிவிடும், வெள்ளிக்கிழமைக் கேள்வி அப்படியே கிடக்கும்.

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல", "யாரும் கேக்கல" என்பவை மனத்தாங்கல். யாரும், நான் மட்டும், இதுவரைக்கும் போன்ற சொற்கள் வரும் இடத்தில் அது இருக்கும். கார் வேறு விஷயம். அம்மாவின் முழங்கால் முதலில் எனக்கு வேறு விஷயமாகத்தான் தெரிந்தது. பிறகுதான் உறைத்தது: எந்த இடமாக இருந்தாலும் அம்மா படி ஏறக்கூடாது. அது கேள்வியோடு சேர வேண்டிய தகவல்.

இங்கே பலர் செய்யும் தவறு, வரிக்கு வரி பதில் எழுதுவது. அக்கா மகள் ஒருமுறை பெரியம்மாவின் செய்தியில் ஏழு விஷயம் இருந்ததென்று ஏழுக்கும் எண் போட்டு மரியாதையாகவே பதில் எழுதினாள். ஏழும் ஏழு வாக்குவாதமாகப் பிரிந்தன. மனத்தாங்கலுக்கு எண் போட்டுப் பதில் சொன்னால் வழக்கில் வாதாடுவது போலத்தான் கேட்கும்.

3. எழுதுவதற்கு முன் போனில் பேசுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுக்கும், எடுக்கவும் வேண்டும்.

முதல் அழைப்பு செய்தி போட்டவருக்கு. முடிவைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். மறுநாள் மதியம் நான் அண்ணனிடம் கேட்டது, "போன வருஷம் ரொம்பக் கஷ்டமா போச்சா அண்ணே?" என்று மட்டும்தான். அவர் பதினைந்து நிமிடம் பேசினார். மழையில் கூடாரம் கட்ட ஆள் தேடியது, நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நான்கு குறைந்தது, அதற்குத் தன் கையிலிருந்து கட்டியது. இது எதுவுமே எனக்குத் தெரியாது. பேசி முடித்ததும் அவராகவே சொன்னார்: "வீட்லன்னா திரும்பவும் அண்ணிதான் எல்லாம் செய்யணும். அவளுக்கு மணிக்கட்டு வலி. அம்மா முன்னால அதை அவ சொல்ல மாட்டா."

முடிவின் சாவி அங்கேதான் இருந்தது. குழுவில் எத்தனை நாள் பேசியிருந்தாலும் அது வெளியே வந்திருக்காது, ஏனென்றால் அந்தக் குழுவில் அம்மாவும் இருக்கிறார், அண்ணியும் இருக்கிறார். நீளமான செய்தியில் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது தெரியாமல் எழுதும் பதில் எவ்வளவு பணிவாக இருந்தாலும் யாருக்காவது வலிக்கும்.

இரண்டாவது அழைப்பு, செய்தியில் யாருடைய விருப்பம் தடையாக நிற்கிறதோ அவருக்கு. எங்களுக்கு அது அம்மா. அம்மாவிடம் "வீடா மண்டபமா" என்று கேட்டால் வீடு என்றுதான் சொல்வார். நான் கேட்டது, "வீட்டுல எது நடந்தா உங்களுக்குத் திருப்திம்மா?" அம்மா சொன்னார்: "அப்பா படத்துக்கு முன்னால இலை போட்டுப் படைக்கணும். வேற என்ன?" 80 பேர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவருக்கு வேண்டியது படையல் வீட்டில் நடப்பது. சாப்பாடு எங்கே என்பது அவருக்குப் பெரிதில்லை.

மூன்றாவது, விவரம் தெரிந்த வெளியாளுக்கு. சாப்பாட்டுக்காரரிடம் நானே பேசினேன். ஆள் கணக்கை ஒரு வாரத்துக்கு முன்னால் சொன்னால் போதும் என்றார். மண்டபம் தரைத்தளம்தானா என்பதையும் கேட்டுக்கொண்டேன்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லாரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு குழுவுக்கு வந்தால், விட்டுப்போன ஒருவருக்கு அது சதியாகத் தெரியும். அக்காவையும் தம்பியையும் அதனால்தான் கூப்பிடவில்லை. அவர்கள் கருத்து குழுவிலேயே வரட்டும். அம்மாவிடம் பேசியதைக் குழுவில் சொல்லிவிட வேண்டும், அண்ணியின் மணிக்கட்டைச் சொல்லக்கூடாது. நம்பிச் சொன்னதை முடிவுக்குள் வைக்கலாம், எழுத்தில் வைக்கக்கூடாது.

4. பதிலை இந்த வரிசையில் எழுதுங்கள்

குழுவின் பெட்டியில் எழுதாதீர்கள். விரல் தவறி அரைகுறையாகப் போய்விடும். அதோடு, நீங்கள் அரை மணி நேரம் எழுதி எழுதி அழிப்பது குழுவைத் திறந்து வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும். குறிப்பேட்டிலோ உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் பக்கத்திலோ எழுதி, பிறகு ஒட்டுங்கள். நான் புதன் இரவு 8.30க்கு அனுப்பியது:

"அண்ணே, போன வருஷம் எல்லா வேலையையும் நீங்களும் அண்ணியும்தான் பாத்தீங்க. இன்னைக்குப் பேசினப்பதான் முழுசா தெரிஞ்சது.

12 புதன், குருக்கள் சொன்னபடியே. நான் லீவு போட்டுட்டேன், 11ஆம் தேதி மத்தியானமே வந்துடறேன்.

எனக்குத் தோணுறது: காலைல படையல் வீட்ல, நம்ம குடும்பம் மட்டும். மத்தியானச் சாப்பாடு கோவில் மண்டபத்துல, அங்க படி இல்ல. அம்மாகிட்ட பேசினேன், படையல் வீட்ல நடந்தா போதும்னாங்க.

படையல் சமையல் என் பொறுப்பு. முன்பணம் 500 வெள்ளி வெள்ளிக்கிழமை காலைல நான் அனுப்பறேன், பிறகு பொதுக் கணக்குல சேத்துக்கலாம்.

வேற யோசனை இருந்தா நாளைக்கு ராத்திரி 9 மணிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா அண்ணன் வெள்ளிக்கிழமை மண்டபத்தைப் பதிவு பண்ணட்டும்.

கார் விஷயமா ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணனைக் கூப்பிடறேன்."

மனத்தாங்கலுக்கு ஒரே வரி, அதுவும் முதல் வரி. அதை ஏற்றுக்கொள்ளாமல் முடிவுக்குப் போனால், முடிவு சரியாக இருந்தாலும் அவர் அதற்குள் அந்த வரியைத்தான் தேடுவார். ஆனால் விரித்து எழுத வேண்டாம். விரித்தால் மற்றவர்கள் "நாங்க மட்டும் என்ன செஞ்சோம்" என்று தங்கள் கணக்கைத் திறப்பார்கள்.

கருத்துக்குப் பக்கத்திலேயே நம் வேலையும் நம் பணமும் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு "மண்டபத்துலயே வைங்க" என்று எழுதுவதும், "சமையல் என் பொறுப்பு" என்று சேர்த்து எழுதுவதும் பிறையில் இருப்பவருக்கு இரண்டு வேறு செய்திகள். நான்கு மணி நேரம் காரிலோ இடிஎஸ் ரயிலிலோ வந்து போகிறவருக்குச் சொல்வது எளிது, அங்கேயே இருப்பவருக்குச் செய்வது கஷ்டம். நம் பங்கை மட்டும் எழுதுங்கள். "அக்கா இவ்வளவு, தம்பி இவ்வளவு" என்று மற்றவர் பணத்தை நாம் எழுதக்கூடாது. யாருக்கு இந்த மாதம் என்ன நெருக்கடி என்று நமக்குத் தெரியாது.

"எனக்கு எதுவானாலும் ஓகே", "உங்க இஷ்டம் அண்ணே" என்பவை விட்டுக்கொடுப்பது போலத் தெரியும். படிப்பவருக்கு அது "சுமையை நீங்களே தூக்கிக்குங்க" என்றுதான் போய்ச் சேரும். நிஜமாகவே இரண்டும் சம்மதம் என்றால், "எனக்கு ரெண்டும் சம்மதம், ஆனா ஒண்ணு சொல்லணும்னா மண்டபம்" என்று எழுதுங்கள்.

5. அனுப்பும் முன் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள்

எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். தமிழில் சண்டை பெரும்பாலும் பெரிய வார்த்தையில் வருவதில்லை, ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொல்லில் வருகிறது.

"ஆவது" முதலில். "இந்தத் தடவையாவது எல்லாரும் சேந்து செய்வோம்" என்று தம்பி ஒருமுறை நல்லெண்ணத்தோடுதான் எழுதினான். போன தடவை யாரும் சேரவில்லை என்று அந்த "ஆவது" சொல்லிவிட்டது. "எல்லாரும் சேந்து செய்வோம்" என்றாலே போதும்.

"தானே" அடுத்தது. "வெள்ளிக்கிழமைன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றால் பிடித்துக் கொடுப்பது போல இருக்கும். "வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க" என்றால் வெறும் தகவல். உழைப்பை ஒப்புக்கொள்ளும் இடத்தில் "தான்" நல்லது. என் முதல் வரியில் "நீங்களும் அண்ணியும்தான்" என்று வேண்டுமென்றே வைத்தேன்.

நாம், நாங்கள் வித்தியாசம் இன்னும் நுட்பமானது. "மண்டபமே நல்லதுன்னு நாங்க நினைக்கிறோம்" என்று எழுதினால், அந்த "நாங்க" யார் என்ற கேள்வி எழும். நீயும் உன் வீட்டுக்காரருமா? நீயும் அக்காவுமா? வாசிப்பவர் வெளியே நிற்கிறார். கருத்துக்கு "எனக்கு" என்று எழுதுங்கள். எல்லாரும் செய்யப்போகும் வேலைக்கு "நாம" என்று எழுதுங்கள்.

ரோமன் எழுத்தில் தமிழ் அடிக்கிறவர்கள் கேள்விக்குறியை விடாதீர்கள். அவசரத்தில் கடைசி எழுத்து விட்டுப்போனால், "வரலையா" என்று கேட்க நினைத்தது "வரலை" என்று போய்விடும், குற்றச்சாட்டு போலத் தெரியும். "சரி" என்பதற்குப் பிறகு மூன்று புள்ளி வைப்பதும் வேண்டாம். "சரி..." என்றால் மனசில்லாமல் சொல்வதாகத்தான் நம் ஆட்கள் படிக்கிறார்கள். "சரி அண்ணே" என்று முறை சொல்லி முடித்தால் அந்தச் சந்தேகம் வராது.

6. அனுப்பும்போது

இரவு 9 மணிக்கு மேல் அனுப்பாதீர்கள். களைப்பில் படிக்கிறவர் களைப்பிலேயே பதில் எழுதுவார். அண்ணன் செய்தியையே Reply கொடுத்து அதன் மேல் ஒட்டுங்கள். நடுவில் யாராவது காலை வணக்கப் படம் போட்டிருந்தாலும் எதற்குப் பதில் என்பது தெரியும். அனுப்பிய பின் தவறு தெரிந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தியது என்ற அடையாளம் இருக்கும், முதலில் போனதைச் சிலர் படித்தும் இருப்பார்கள். அதனால் எழுத்துப்பிழைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

Poll போட்டு வாக்கெடுக்கலாமா என்று கேட்பார்கள். வீடா மண்டபமா போன்ற கேள்விக்கு நான் வேண்டாம் என்பேன். யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று பெயரோடு தெரியும். அம்மா வீட்டுக்கும் அண்ணி மண்டபத்துக்கும் வாக்களித்தது குழுவில் அப்படியே நிற்கும். பாயசமா கேசரியா என்பதற்குப் போடலாம், அதில் தோற்றவருக்கு வருத்தமில்லை.

7. பதில்கள் வரத் தொடங்கிய பிறகு

வியாழன் காலை அக்கா எழுதினார்: "80 பேர் ரொம்ப ஜாஸ்தி. போன தடவை அம்பதுதான் வந்தாங்க." அண்ணன் உடனே: "அப்ப யாரைக் கூப்பிடாம விடறது, நீயே சொல்லு." சண்டை தொடங்குவது இப்படித்தான். கேட்ட கேள்வியை விட்டுப் பக்கத்துக் கேள்விக்குப் போய்விடுகிறது.

இங்கே யார் சொல்வது சரி என்று எழுதக்கூடாது. எப்போது முடிவு செய்யலாம் என்று எழுத வேண்டும். நான் போட்டது: "அக்கா, ஆள் கணக்கு ஒரு வாரத்துக்கு முன்னால சொன்னா போதும்னு சாப்பாட்டுக்காரர் சொன்னாரு. 3ஆம் தேதி பேரை எழுதி எண்ணிப் பாத்துடுவோம். இடம் மட்டும் இன்னைக்கு முடிச்சுக்கலாமா?" அக்கா "சரி" என்றார். சாப்பாட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வைத்திருக்காவிட்டால் அந்த வரியை எழுதியிருக்கவே முடியாது.

தம்பி கட்டைவிரல் மட்டும் போட்டிருந்தான். சம்மதமா, படித்தேன் என்பதா? பணமோ பயணமோ இருக்கும் விஷயத்தில் கட்டைவிரலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழுவில் "பதில் சொல்லு" என்று கேட்கவும் வேண்டாம், எல்லார் முன்னாலும் விரட்டுவது போல ஆகிவிடும். தனியே கூப்பிட்டேன். புதன்கிழமை விடுப்பு கிடைக்குமா என்று தெரியாமல்தான் பேசாமல் இருந்திருக்கிறான்.

யாராவது மனத்தாங்கலைக் குழுவிலேயே கொட்டினால், "அதை நான் போன்ல கேக்கறேன் அக்கா" என்று ஒரு வரி போட்டுவிட்டு உடனே கூப்பிடுங்கள். மறுநாள் கூப்பிடலாம் என்று விட்டால் அந்த வரிக்கு மதிப்பு போய்விடும்.

வீடு, நிலம், கிராண்ட் பேர் மாற்றுவது போன்ற விஷயங்களுக்கு இந்த முறை போதாது. அப்படிப்பட்ட செய்தி வந்தால் குழுவில் கருத்தே சொல்லாமல், நேரில் உட்கார ஒரு தேதியை மட்டும் கேளுங்கள்.

8. முடிவைத் தனிச் செய்தியாகப் போடுங்கள்

வெள்ளிக்கிழமை பணம் அனுப்பிய பிறகு கடைசிச் செய்தி: நாள், படையல் நேரம், மண்டபம், முன்பணம் கட்டியாயிற்று, 3ஆம் தேதி ஆள் கணக்கு. ஐந்தே வரி, காரணம் எதுவும் இல்லை. காரணத்தை மறுபடி எழுதினால் பேச்சு மறுபடி திறக்கும். அதை Pin செய்து 30 நாள் என்று வையுங்கள். 7 நாள் என்று வைத்தால் திதி வருவதற்குள் காணாமல் போய், "எத்தனை மணிக்கு?" என்று ஒவ்வொருவராக அண்ணியைக் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி அண்ணனைக் கூப்பிட்டேன். அப்பா காரை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அன்று முடிவாகவில்லை. 12ஆம் தேதி எல்லாரும் வரும்போது வாசலில் நிறுத்த இடம் வேண்டுமே என்றார். அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஓரமாகத் தள்ளி நிறுத்திக்கொள்ள அவர்களிடம் கேட்டு வைப்பதாகச் சொன்னார்.